ஒரு நிரலுக்கு எத்தனை பெயர்?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா மகள் ஊரிலிருந்து கூப்பிட்டாள். அவளுடைய மடிக்கணினியில் உபுண்டு போட்டு, திரை முழுவதையும் தமிழில் வைத்துக் கொடுத்தது நான்தான்.

"அண்ணா, கோப்புகள் திறக்க மாட்டேங்குது."

"எந்தக் கோப்பும்மா? படமா, பாடமா?"

"கோப்பு இல்லண்ணா. கோப்புகள்."

நான் அவளுடைய ஆவணங்களைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோப்புறைகளைத் திறந்து பார்க்க உதவும் நிரலுக்குப் பெயரே 'கோப்புகள்' என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நிரலுக்கு இன்னொரு பெயரும் உண்டு. அது அவள் திரையில் எங்கும் தெரியாது.

ஒரே நிரலுக்கு ஏன் இரண்டு பெயர்? எண்ணிப் பார்த்தால் இரண்டுகூட இல்லை, நான்கு. தனியாக நிற்கும் ஒரு நிரலுக்குப் பெயர் வைப்பது ஒரு மாதிரி, பத்து நிரல்கள் சேர்ந்த ஒரு தொகுப்புக்குப் பெயர் வைப்பது வேறு மாதிரி. தொகுப்பில் ஒவ்வொரு பெயரும் உடன்பிறந்த பெயர்களோடு ஒத்துப்போக வேண்டும், அவற்றிலிருந்து பிரிந்தும் தெரிய வேண்டும். லினக்ஸ் உலகில் கே.டி.ஈ., க்னோம் என்று இரண்டு பெரிய தொகுப்புகள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்தச் சிக்கலோடு வாழ்ந்துவருகின்றன. அவை செய்த சோதனைகள், பட்ட அடிகள், பின்வாங்கிய இடங்கள் எல்லாம் எல்லோர் கண்முன்னும் நடந்தவை. அதனால் பெயர் வைப்பதன் சூட்சுமத்தைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

தலைப்பெழுத்து வைத்த குடும்பம்

1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிஷ் என்ற ஜெர்மானிய மாணவர், யூனிக்ஸ் கணினிகளுக்குச் சாதாரண மக்களும் பயன்படுத்தக்கூடிய ஒரு திரைச்சூழலை உருவாக்க ஆட்களை அழைத்தார். அப்போது பெரிய நிறுவனங்களின் யூனிக்ஸ் கணினிகளில் சி.டி.ஈ. என்றொரு சூழல் இருந்தது. அதன் முதலெழுத்தை மட்டும் மாற்றி கே.டி.ஈ. என்று பெயர் வைத்தார்கள். விளையாட்டாக வந்த அந்த 'கே' பிறகு குடும்பத்தின் தலைப்பெழுத்தாகிவிட்டது. அஞ்சல் நிரல் கேமெயில், எழுத்து நிரல் கேவேர்டு, கணக்குத்தாள் கேஸ்பிரெட், காட்சி நிரல் கேபிரசென்டர். கோப்பு மேலாளர் வெறும் `kfm`.

இதை முறைசார்ந்த பெயர் என்போம். ஒரு விதியை வைத்துக்கொண்டால் அடுத்த பெயர் தானாக வந்துவிடும். புது நிரல் எழுதுபவர் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். வெளியே இருப்பவருக்கும் 'இது அந்த வீட்டுப் பிள்ளை' என்பது பார்த்ததுமே தெரியும்.

நம் பெயர்களுக்கு முன்னால் வரும் தலைப்பெழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டில் மூன்று முருகன்கள் இருந்தால் அந்த எழுத்துதான் பிரித்துக் காட்டும். ஆனால் வீட்டுக்குள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அங்கே எல்லோருக்கும் அதே எழுத்துதான். கே.டி.ஈ.க்கு நேர்ந்ததும் இதுவே. அகர வரிசையில் அடுக்கிய பட்டியலில் எல்லாம் 'கே'யின் கீழ் வந்து குவிந்தன. கட்டளைச் சாளரத்தில் முதல் எழுத்தைத் தட்டி மீதியைக் கணினியே நிரப்பட்டும் என்று விட்டால், தட்டிய `k` எதையும் குறைத்துத் தரவில்லை. எல்லோரிடமும் இருக்கும் அடையாளம் உள்ளே யாரையும் அடையாளம் காட்டாது. வெளியே பயன்படுகிற அதே எழுத்து உள்ளே வீண்சுமை.

இன்னொரு சிக்கல் நீதிமன்றத் திசையிலிருந்து வந்தது. படம் வரையும் நிரலுக்கு கேஇல்லஸ்ட்ரேட்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். இல்லஸ்ட்ரேட்டர் என்பது அடோபி நிறுவனத்தின் புகழ்பெற்ற விற்பனைப் பெயர். 2001-ல் ஜெர்மனியில் வழக்கறிஞர் கடிதம் வந்ததும் நிரல் கோன்டூர் என்று மாறியது. முன்னால் ஒரு எழுத்தை ஒட்டுவது ஒரு பெயரைப் புதிய பெயராக்கிவிடாது என்பது அப்போது தெரிந்தது. ஒளிப்படம் திருத்தும் நிரலும் இதே வழியில் வந்ததுதான். முதலில் கேஇமேஜ்ஷாப், பிறகு கிரேயான், கடைசியில் கிரிட்டா. ஸ்வீடிஷ் மொழியில் கிரிட்டா என்றால் வண்ணக்கட்டி, சுண்ணக்கட்டி. 'கே' இன்னும் இருக்கிறது. ஆனால் அது ஒட்டவைத்த எழுத்தாக இல்லாமல் சொல்லுக்குள்ளேயே கரைந்திருக்கிறது. இன்று உலகெங்கும் ஓவியர்கள் அறிந்த பெயர் அது.

முறைக்குள் இருந்தபடியே முறையை மீறிய அழகான பெயர் ஒன்று 2000-ல் வந்தது. `kfm`-க்குப் பதிலாக, கோப்புகளையும் இணையப் பக்கங்களையும் ஒன்றாகக் காட்டும் நிரலைக் கொண்டுவந்து 'கான்கரர்' என்று பெயரிட்டார்கள். வென்றவன் என்று பொருள். அதுவரை இணைய உலாவிகளில் பெரியவை நேவிகேட்டரும் எக்ஸ்ப்ளோரரும். முதலில் மாலுமி, அடுத்து நாடு கண்டவன், அதற்கடுத்து வென்றவன். ஆங்கிலத்தில் 'சி'யில் தொடங்கும் அந்தச் சொல்லை 'கே'யால் எழுதித் தங்கள் தலைப்பெழுத்தையும் வைத்துக்கொண்டார்கள். கான்கரரின் உள்ளே பக்கங்களை வரைந்த இயந்திரத்துக்கு மட்டும் பழைய பாணியில் கே-எச்.டி.எம்.எல். என்று பெயர். அதை அடித்தளமாக எடுத்துக்கொண்டு ஆப்பிள் நிறுவனம் 2003-ல் தன் உலாவியை வெளியிட்டது. அதற்கு வைத்த பெயர் சஃபாரி. பயண வரிசை தொடர்ந்தது.

உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவது

இரண்டாவது பாணி, வேலையைச் சொல்லியே பெயர் வைப்பது. லிப்ரே ஆஃபிஸைத் திறந்து பாருங்கள். எழுத ரைட்டர், கணக்குக்கு கால்க், வரைய டிரா, தரவுத்தளத்துக்கு பேஸ், சூத்திரங்களுக்கு மேத். எதற்கு எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இது வீட்டில் 'பெரியக்கா', 'சின்னத்தம்பி' என்று கூப்பிடுவது போல. வீட்டுக்குள் ஒரே ஒரு பெரியக்காதான் இருப்பார். அதனால் குழப்பமே வராது. அதே 'பெரியக்கா' என்ற குரலைப் பேருந்து நிலையத்தில் கொடுத்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதனால் இந்த வகைப் பெயருக்கு எப்போதும் ஒரு துணைப்பெயர் வேண்டும். 'ரைட்டரில் பக்க எண் போடுவது எப்படி' என்று இணையத்தில் தேடினால் கதாசிரியர்களும் வருவார்கள். 'லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில்' என்று தேடினால்தான் வேலை நடக்கும். தொகுப்பின் பெயர் தனித்துவத்தைத் தருகிறது, உள்ளே இருக்கும் பெயர் பொருளைத் தருகிறது. இரண்டும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும்வரை இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடுகிறது.

க்னோம் தொகுப்பு இந்தப் பாணிக்கு நடுவழியில் மாறியது. 1997-ல் தொடங்கிய அது, ஆரம்பத்தில் தனித்தனி ஆளுமை கொண்ட பெயர்களையே வைத்திருந்தது. கோப்பு மேலாளர் நாட்டிலஸ், உலாவி எபிஃபனி, படம் ஓட்டும் நிரல் டோட்டம். 2012-ல் வந்த பதிப்புகளில் எபிஃபனி Web ஆனது, நாட்டிலஸ் Files ஆனது. மற்றவையும் ஒவ்வொன்றாக இப்படி மாறின. காரணம் நேர்மையானது. முதன்முதலாகக் கணினி முன் உட்காருகிறவருக்கு 'எபிஃபனி' என்ற சொல் எதையும் சொல்லாது. இணையம் பார்க்க எதைத் தொட வேண்டும் என்பதை அந்தச் சொல் மறைத்துவைக்கிறது. 'வெப்' மறைக்காது.

இந்த வகைப் பெயரில் இன்னொரு நன்மை உண்டு. அதை மொழிபெயர்க்கலாம். `Files` தமிழ்த் திரையில் 'கோப்புகள்' ஆகிவிடும். 'நாட்டிலஸ்' எந்த மொழியிலும் நாட்டிலஸாகத்தான் இருக்கும்.

ஆனால் சித்தப்பா மகளின் தொலைபேசி அழைப்பும் இந்த நன்மையிலிருந்தே பிறந்தது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து என்று ஒன்று இருக்கிறது. வாக்கியத்தின் நடுவில் `Files` என்று பெரிய 'எஃப்' போட்டு எழுதினால் அது பெயர் என்பது கண்ணுக்குத் தெரியும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. போதாததற்கு நம் சொற்கள் வேற்றுமை உருபுகளைச் சேர்த்துக்கொண்டு உருமாறுகின்றன. 'கோப்புகளில் கோப்புகளைத் தேடவும்' என்ற வாக்கியத்தில் எது நிரல், எது ஆவணம்? 'நாட்டிலஸில் கோப்புகளைத் தேடவும்' என்றால் சந்தேகமே எழாது. வேலையைச் சொல்லும் பெயர் ஆங்கிலத்தில் மங்கலாகிறது என்றால், தமிழில் வாக்கியத்துக்குள் உப்பாகக் கரைந்தே போகிறது.

க்னோமுக்குள்ளேயே ஒருமுறை பெயர் மோதல் நேர்ந்தது. `gedit` என்ற பழைய நிரல் ஒரு காலத்தில் பட்டியலில் Text Editor என்று தோன்றியது. 2022-ல் புதிதாக எழுதப்பட்ட இன்னொரு நிரலும் அதே Text Editor என்ற பெயரை எடுத்துக்கொண்டது. ஒரு வீட்டில் இரண்டு பெரியக்கா. பழையது தன் சொந்தப் பெயருக்கே திரும்பிவிட்டது. இன்று க்னோம் கடைப்பிடிக்கும் வழி தெளிவானது. தொகுப்போடு பிறந்து அதோடு வரும் அடிப்படை நிரல்களுக்கு மட்டும் பொதுச்சொல். வெளியிலிருந்து வந்து சேரும் நிரல்கள் தங்களுக்கென ஒரு பெயரோடு வர வேண்டும்.

இயற்பெயரின் அழகும் விலையும்

மூன்றாவது பாணி, வேலையைச் சொல்லாமல் ஒரு காட்சியையோ உணர்வையோ கிளப்பும் பெயர். நாட்டிலஸ் என்பது கணவாய்க்கு உறவான ஒரு கடலுயிரி. சுருண்டு சுருண்டு அறை அறையாக வளரும் அதன் ஓடு கணித நூல்களின் அட்டையிலெல்லாம் வரும். யூனிக்ஸ் உலகில் பயனர் தொட்டுப் பேசும் மேலடுக்குக்கு 'ஷெல்' என்று பெயர், அதாவது ஓடு. உள்ளே இருப்பது 'கெர்னல்', அதாவது பருப்பு. கோப்பு மேலாளர் என்பது கண்ணால் பார்க்கக்கூடிய ஓடு. எனவே அழகிய ஓடு கொண்ட உயிரியின் பெயர். ஈஸல் என்ற சிறு நிறுவனம் உருவாக்கி 2001 மார்ச்சில் முதல் பதிப்பை வெளியிட்டது. இரண்டே மாதத்தில் நிறுவனம் மூடப்பட்டது. நிரலும் பெயரும் பிழைத்துக்கொண்டன.

இந்தச் சிலேடை தெரிந்தவருக்கு அந்தப் பெயர் இனிக்கும், தெரியாதவருக்கு அது வெறும் ஒலி. சிலேடை மொழி தாண்டியும் போகாது. அப்படியானால் இத்தகைய பெயரால் என்ன லாபம்? தேடினால் கிடைக்கும். பேசினால் குழம்பாது. நிரலின் வேலை மாறினாலும் பெயர் பொய்யாகாது. கணக்குத்தாளுக்கு கேஸ்பிரெட் என்று வைத்துவிட்டுப் பிறகு அதில் வேறு வேலையைச் சேர்த்தால் பெயர் நெருடும். கிரிட்டாவுக்கு அசைவூட்ட வசதி சேர்ந்தபோது பெயர் நெருடவில்லை.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. 1976-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, அபர்கிராம்பி அண்ட் ஃபிட்ச் நிறுவனம் தொடுத்த வழக்கில் பெயர்களைப் படிப்படியாக அடுக்கியது. பொதுச்சொல்லுக்குப் பாதுகாப்பே கிடையாது. வேலையைச் சொல்லும் சொல்லுக்கு, மக்கள் அதை ஒரு குறிப்பிட்ட விற்பனையாளரோடு சேர்த்துப் பழகிய பிறகுதான் பாதுகாப்பு. பொருளைக் கோடிகாட்டும் சொல், தொடர்பே இல்லாத சொல், புனைந்த சொல் ஆகியவற்றுக்குத் தொடக்கத்திலிருந்தே பாதுகாப்பு. புதியவருக்கு எளிதாகப் புரியும் படிகள் எவையோ அவையே சட்டத்தின் கண்ணில் பலவீனமானவை. அந்த வழக்கு எந்தச் சொல்லைப் பற்றியது தெரியுமா? 'சஃபாரி'. குறிப்பிட்ட வகைத் தொப்பிக்கும் மேற்சட்டைக்கும் அது பொதுச்சொல்லாகிவிட்டது, உரிமை இல்லை என்றது நீதிமன்றம். அதே சொல்லுக்குக் காலணி விஷயத்தில் உரிமை நிலைத்தது. ஒரு சொல் எந்தப் படியில் நிற்கிறது என்பதைச் சொல் மட்டும் தீர்மானிப்பதில்லை, அது எந்தப் பொருளின் மேல் ஒட்டப்படுகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. தொப்பிக்குப் பொதுச்சொல்லான அதே 'சஃபாரி' உலாவிக்கு இயற்பெயராகிறது.

இயற்பெயரும் மோதும். டெபியன் லினக்ஸில் க்னோம் உலாவியை நிறுவ `epiphany` என்று கேட்டால் கிடைப்பது, பாறைகளுக்கு நடுவே ஓடிப் புதையல் சேர்க்கும் ஒரு விளையாட்டு. அந்தப் பெயரில் அது முன்பே அங்கே குடியேறியிருந்தது. உலாவி வேண்டுமானால் `epiphany-browser` என்று கேட்க வேண்டும். இயற்பெயர் தனித்து நிற்க முடியாமல் போனதும், வேலையைச் சொல்லும் சொல்லைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டது.

ஆய்வுகள் சொல்வது வேறு

இதுவரை படித்தவருக்கு, புதியவருக்கென்றால் வேலையைச் சொல்லும் பெயரே நல்லது என்று தோன்றும். பொதுவாக எல்லோரும் அப்படித்தான் நம்புகிறோம். அந்த நம்பிக்கையை 1983-ல் தாமஸ் லாண்டவரும் இரண்டு சகாக்களும் சோதித்தார்கள். கணினி அறியாதவர்களுக்கு உரையைத் திருத்தும் எளிய கட்டளைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு நீக்கு, சேர், மாற்று என்பது போன்ற இயல்பான சொற்கள். இன்னொரு குழுவுக்கு வேலையோடு சம்பந்தமே இல்லாத சொற்கள். குற்றம்சாட்டு என்று பொருள்படும் சொல்லைக் கட்டளையாகத் தட்டுவது போல. முதற்கட்டக் கற்றலில் இரண்டு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதன் எல்லையையும் பார்க்க வேண்டும். அவர்கள் கற்றது விரல்விட்டு எண்ணக்கூடிய கட்டளைகள். கொஞ்சம் பெயர்கள் என்றால் எந்த ஒலியும் மனத்தில் பதிந்துவிடும். ஆறு நிரல்கள் உள்ள தொகுப்பு அந்நியமான பெயர்களைத் தாங்கும். அறுபது நிரல்கள் உள்ள தொகுப்பைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

நான்கு வருடங்கள் கழித்து, 1987-ல், லாண்டவர் மூன்று ஆய்வாளர்களோடு சேர்ந்து இன்னும் ஆழமான கேள்வியைக் கேட்டார். ஒரு பொருளைக் காட்டி, 'இதை நீங்கள் எப்படி அழைப்பீர்கள்' என்று கேட்டால் இரண்டு பேர் ஒரே சொல்லைச் சொல்ல எவ்வளவு வாய்ப்பு? உரை திருத்தும் வேலைகள், சமையல் குறிப்புகள், விற்பனைப் பொருள்கள் என்று பல துறைகளில் கேட்டுப் பார்த்தார்கள். வாய்ப்பு நூற்றுக்கு 20-க்கும் குறைவு. நிரலை எழுதியவர் எவ்வளவு இயல்பான சொல்லைத் தேர்ந்தெடுத்தாலும், ஐந்தில் நான்கு பேர் மனத்தில் முதலில் வருவது வேறு சொல். இயல்பான பெயர் என்று ஒன்றே ஒன்று கிடையாது. அது ஆளுக்கு ஆள் மாறும். அவர்கள் சொன்ன தீர்வு எளிமையானது. சரியான ஒரே சொல்லைத் தேடி அலையாதீர்கள், மக்கள் சொல்லக்கூடிய எல்லாச் சொற்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. ஆங்கிலத்தின் ஒரே சொல்லுக்கு நம்மிடம் கோப்புறை, அடைவு, உறை, ஃபோல்டர் என்று நான்கு புழங்குகின்றன. கோப்பு மேலாளரைப் பல வீடுகளில் இன்னும் 'மை கம்ப்யூட்டர்' என்றுதான் சொல்கிறார்கள்.

பெயர்ப் பதிவேட்டைப் புரட்டுவோம்

லினக்ஸில் ஒவ்வொரு நிரலோடும் ஒரு சிறு உரைக்கோப்பு வருகிறது. பட்டியலில் நிரல் எப்படித் தோன்ற வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். நாட்டிலஸின் பதிவேட்டிலிருந்து முக்கியமான சில வரிகள் இவை:

```
# org.gnome.Nautilus.desktop
Name=Files
Name[ta]=கோப்புகள்
Keywords=folder;manager;explore;disk;filesystem;
Exec=nautilus --new-window %U
```

தேடிய நான்கு பெயர்களும் இங்கே இருக்கின்றன. `Name` என்பது திரைக்கான பெயர், வேலையைச் சொல்வது. அதன் தமிழ் வடிவம் அடுத்த வரியில் இருக்கிறது. `Exec` என்பது கணினி இயக்கும் கட்டளை. அதில் பழைய இயற்பெயர் உயிரோடு இருக்கிறது. கோப்பின் தலைப்பான `org.gnome.Nautilus` முறைசார்ந்த பெயர். நிறுவனத்தின் இணைய முகவரியைத் தலைகீழாக எழுதி, கடைசியில் நிரலின் பெயரைச் சேர்ப்பது விதி. உலகில் இன்னொருவர் அதே பெயரை வைத்துவிடாமல் காப்பது அந்த விதி. பழைய 'கே' செய்ய நினைத்த வேலையை, மனிதர் கண்ணில் படாத இடத்தில் இது சத்தமில்லாமல் செய்கிறது. நான்காவது `Keywords`. 1987 ஆய்வு கேட்ட மாற்றுச்சொற்களின் இடம் இதுதான். விண்டோஸில் பழகியவர் `explore` என்று தட்டினாலும் நிரல் வந்து நிற்கும்.

கே.டி.ஈ.யின் டால்ஃபின், 2008 முதல் அங்கே முதன்மைக் கோப்பு மேலாளர். அதன் பதிவேடு இதையே வேறு விதமாகப் பங்கிடுகிறது:

```
# org.kde.dolphin.desktop
Name=Dolphin
GenericName=File Manager
Exec=dolphin %u
```

இங்கே இயற்பெயர் மேலே, வேலை அடுத்த வரியில். பட்டியலில் பெயர் மட்டும் தெரிய வேண்டுமா, வேலை மட்டுமா, இரண்டும் சேர்ந்தா என்று பயனரே தேர்ந்துகொள்ளும் வசதியைக் கே.டி.ஈ. பட்டியல்கள் நெடுநாளாகத் தந்துவருகின்றன. மூன்று பாணிகளில் எது சிறந்தது என்ற சண்டையை இந்தச் சிறு கோப்பு தேவையற்றதாக்கிவிடுகிறது. நமக்கும் அப்படித்தானே? ஒரே ஆளுக்குத் தலைப்பெழுத்தும் உண்டு, உறவுமுறையும் உண்டு, இயற்பெயரும் உண்டு. பதிவேட்டில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, தெருவில் ஒன்று. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுக்கும்போதுதான் குழப்பம்.

இந்த நான்கில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதும் இங்கேயே தெரிகிறது. `Name` வரியை நாளைக்கே மாற்றலாம், எதுவும் உடையாது. `Keywords` வரியில் சொல் சேர்த்துக்கொண்டே போகலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் அங்கே அடைவையும் ஃபோல்டரையும் மை கம்ப்யூட்டரையும் எழுதிவைக்கலாம். நடுவில் உள்ள அரைப்புள்ளிகளை மட்டும் தொடாதீர்கள் என்று நிரலாளர்கள் அந்த வரிக்கு மேலேயே குறிப்பு எழுதியிருப்பார்கள். ஆனால் `Exec` வரியையோ முறைசார்ந்த அடையாளத்தையோ மாற்றினால், அந்தப் பெயரில் சேமித்த அமைப்புகளும், அந்தக் கட்டளையை நம்பி மற்றவர்கள் எழுதிய சிறு நிரல்களும் அறுந்துபோகும். எனவே யாரும் எளிதில் மாற்றுவதில்லை. திரையில் பெயர் மாறியபடி இருக்க, அடியில் முதல் பெயர் புதைபடிவமாகத் தங்கிவிடுகிறது.

அந்தப் படிவங்களைத் தோண்டிப் பார்ப்பது சுவையானது. லிப்ரே ஆஃபிஸ் ஓடும்போது கணினியில் இயங்கும் செயல்களின் பட்டியலைப் பாருங்கள், `soffice.bin` என்று இருக்கும். ரைட்டரின் கட்டளை `swriter`, கால்க்கின் கட்டளை `scalc`. அந்த 'எஸ்' எங்கிருந்து வந்தது? இந்தத் தொகுப்பின் தாத்தா, ஜெர்மனியில் 1980-களில் பிறந்த ஸ்டார் ரைட்டர். அது ஸ்டார் ஆஃபிஸாக வளர்ந்து, ஓப்பன் ஆஃபிஸாகி, 2010-ல் லிப்ரே ஆஃபிஸாகப் பிரிந்தது. நட்சத்திரம் மறைந்து வெகுநாளாயிற்று, அதன் தலைப்பெழுத்து இன்னும் போகவில்லை. கே.டி.ஈ.யின் தலைப்பெழுத்தோ உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. குரோம் உலாவி ஒவ்வொரு இணையதளத்திடமும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரியில் இன்றும் இப்படி ஒரு பகுதி வருகிறது:

```
AppleWebKit/537.36 (KHTML, like Gecko)
```

கான்கரரின் உள்ளே இருந்த அந்தப் பழைய இயந்திரத்தின் பெயர்தான் அது. அதை எடுத்துவிட்டால் பழைய இணையதளங்கள் சில உலாவியைத் தவறாக அடையாளம் காணக்கூடும் என்பதால் யாரும் எடுப்பதில்லை.

ஆகவே, ஒரு தொகுப்புக்குப் பெயர் வைக்க உட்காருகிறவர் முதலில் கேட்க வேண்டியது 'எந்தப் பெயர் அழகு' என்பதல்ல, 'இந்தப் பெயர் எந்த வரியில் உட்காரப்போகிறது' என்பது. என்றும் மாறாத அடையாளத்துக்கு முறைசார்ந்த பெயர். மாறக்கூடிய திரைக்கு வேலையைச் சொல்லும் பெயர். வாயால் சொல்லவும் தேடவும் உதவி கேட்கவும் இயற்பெயர். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனையும் உண்டு. அந்தப் பெயரை வைத்து ஒரு புகாரைத் தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் 'எது?' என்று திரும்பக் கேட்டால், ஏதோ ஒரு வரியில் தவறான பெயர் உட்கார்ந்திருக்கிறது.

அன்றைக்கு நான் கேட்ட 'எது?'வுக்கு விடை கிடைத்த பிறகு, விசைகளை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லி, கட்டளைச் சாளரத்தைத் திறக்கச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்: என், ஏ, யு, டி, ஐ, எல், யு, எஸ். ஒரு இடைவெளி, ஒரு சிறுகோடு, கடைசியில் கியூ.

```
nautilus -q
```

தொங்கிக்கொண்டிருந்த நிரல் மூடிக்கொண்டது. திரும்பத் தொட்டதும் கோப்புறைகள் வந்தன.

"வந்துடுச்சுண்ணா. அது என்ன நாட்டிலஸ்?"

ஓட்டுக்குள் அறை அறையாக வாழும் அந்தக் கடலுயிரியைப் பற்றிச் சொன்னேன். யூனிக்ஸின் ஓட்டைப் பற்றியும் சொன்னேன். அவள் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குண்ணா" என்றாள். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள்.

"அண்ணா, நாட்டிலஸ் நின்னுடுச்சு."

இந்த முறை நான் எதையும் திரும்பக் கேட்கவில்லை.